எட்டரைக்கு மேல் ஒரு கணக்கு

சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகர்கள் பைகளோடு வெளியேறியதும் கடைக்காரர்களின் இன்னொரு வேலை தொடங்குகிறது. படுதாவை இழுத்துக் கட்டுவதற்கு முன் ஒருவர் அடுக்குகளை எண்ணுவார், ஒருவர் பில் புத்தகத்தைப் புரட்டிக் கூட்டுவார், இன்னொருவர் கல்லாவைக் கவிழ்த்து நோட்டுகளைப் பிரிப்பார். 1977இல் தொடங்கிய இந்தக் காட்சியை இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பபாசி நடத்துகிறது. வேலை நாட்களில் பிற்பகலில்தான் கடை திறக்கும் என்பதால் முழு வியாபாரமும் மாலை நான்கைந்து மணி நேரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். பொங்கல் விடுமுறையில் கேட்கவே வேண்டாம். அந்த நெருக்கடியில் விழுந்த தவறுகளை அன்றிரவே கண்டுபிடிக்காவிட்டால் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. யார் எதை வாங்கினார், எப்படிப் பணம் கொடுத்தார் என்பது விற்றவர் நினைவில் ஒரு இரவுகூடத் தங்காது.

வெளியிலிருந்து பார்க்க இது பணம் எண்ணும் வேலை போலத் தெரியும். உண்மையில் இங்கே ஒன்றையொன்று சாராத இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று புத்தகங்களின் எண்ணிக்கை, மற்றொன்று பணம். இரண்டையும் இணைப்பது பில். பணம் மட்டும் சரியாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர் கடை நடத்திப் பழகாதவர். பணம் சரியாக இருந்து புத்தகம் குறைந்தால் ஒரு கதை, பணம் கூடிப் புத்தகம் குறைந்தால் வேறு கதை, புத்தகம் சரியாக இருந்து பணம் குறைந்தால் இன்னொரு கதை. என்ன நடந்தது என்பதை இரண்டு வித்தியாசங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். சொந்தப் பதிப்புகளோடு வேறு பதிப்பகங்களின் புத்தகங்களும் வைத்திருக்கும் ஒற்றை அரங்கு, ஞாயிற்றுக்கிழமை இரவு.

காலையில் கடை திறந்தபோது இருந்தவை 1,180 பிரதிகள். இது முந்தைய இரவு எண்ணி எழுதிய எண். மதியம் கிடங்கிலிருந்து மூன்று பண்டல்களில் 90 பிரதிகள் வந்தன, சலானும் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டார் என்று பக்கத்துக் கடையிலிருந்து கைமாற்றாக வாங்கியவை 4. ஆக 1,274. போனவற்றில் பில் போட்டு விற்றவை 286. மாலை கையெழுத்துப் போட வந்த எழுத்தாளரின் கணக்கில் அவருடைய நண்பர்களுக்குக் கொடுத்தவை 5. பக்கத்துக் கடைக்கு நாம் கைமாற்றாகக் கொடுத்தவை 3. கழித்தால் 980 இருக்க வேண்டும். எண்ணியதில் இருப்பவை 977.

அடுக்கியிருக்கும் முறை ஒழுங்காக இருந்தால் மூன்று பேர் அரை மணி நேரத்தில் இதை எண்ணிவிடலாம். பத்துப் பிரதிக்கு ஒருமுறை முதுகுப்பக்கத்தைத் திருப்பி வைத்து அடுக்கும் பழக்கம் இதற்குத்தான். பெரிய கடைகளில் தினமும் எல்லாவற்றையும் எண்ண முடியாது. அன்று பில்லில் வந்த தலைப்புகளையும் விலை கூடிய புத்தகங்களையும் மட்டும் எண்ணிவிட்டு, முழு எண்ணிக்கையைக் காட்சியின் நடுவே ஒரு மந்தமான வேலை நாளுக்கு ஒதுக்குவார்கள்.

எண்ணும்போது தடுக்கி விழும் இடம் திரும்பி வந்த புத்தகம். இந்தக் கடைக்கு அன்று ஒரு வாசகி இரண்டு நாள் முன்பு வாங்கிய நாவலைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு ஃபாரம் இரண்டு முறை தைக்கப்பட்டிருந்தது, அதற்கடுத்த பதினாறு பக்கங்களைக் காணோம். பில்லைப் பார்த்துவிட்டு வேறு பிரதி கொடுத்தார்கள். பணத்தில் எந்த மாற்றமும் இல்லை. மொத்த எண்ணிக்கையிலும் இல்லை, ஒன்று போய் ஒன்று வந்திருக்கிறது. ஆனால் விற்கத்தக்க பிரதியில் ஒன்று குறைந்திருக்கிறது. அந்தப் பழுதான பிரதியை அவசரத்தில் அடுக்கிலேயே வைத்துவிட்டால் கணக்கு அழகாக ஒத்துப்போகும், மறுநாள் அதே பிரதி இன்னொருவர் கைக்குப் போகும். அதனால்தான் மேசைக்கடியில் ‘டேமேஜ்’ என்று எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று தனியாக இருக்கும். 977இல் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பல கடைகள் மாற்றித் தருவதோடு நிறுத்திக்கொண்டு பணமாகத் திருப்பித் தர மறுப்பதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம். பணத்தைத் திருப்பினால் பழைய நாளின் விற்பனையை இன்றைய கல்லாவிலிருந்து கழிக்க நேரும். முடிந்துபோன இரண்டு நாள் கணக்குகளைக் கிளற வேண்டியிருக்கும்.

மூன்று குறைகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பணத்துக்கு வருவோம்.

பில்களின்படி அன்றைய விற்பனை அட்டை விலையில் 71,400 ரூபாய். புத்தகக் காட்சியில் வழக்கமாக எல்லோரும் தரும் பத்து விழுக்காட்டுத் தள்ளுபடி 7,140. நிகரம் 64,260. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் வரிக் கணக்கு இதில் நுழையவில்லை. நாட்காட்டியோ துணிப்பையோ விற்கும் கடையாக இருந்தால் அவற்றின் பில்லைத் தனியாக வைக்க வேண்டும். பில்களில் எழுதியிருக்கும் குறிப்பின்படி இந்த 64,260இல் கார்டு வழியாக 9,450, யு.பி.ஐ. வழியாக 31,870, மீதி 22,940 ரொக்கம். காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் போட்டது 3,000. டீக்கும் வடைக்கும் 240, பண்டல் கொண்டுவந்த ஆட்டோவுக்கு 450, இரண்டுக்கும் சீட்டு இருக்கிறது. ஆகக் கல்லாவில் இருக்க வேண்டியது 25,250.

சில்லறை விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். பத்து விழுக்காடு கழித்தால் 150 ரூபாய்ப் புத்தகம் 135 ஆகிறது, 250 என்பது 225, 350 என்பது 315, 450 என்பது 405. ஐம்பதில் முடியும் விலையெல்லாம் ஐந்தில் முடியும் விலையாகிவிடுகிறது. தமிழ்ப் புத்தகங்களில் இந்த விலைகள்தான் எத்தனை! அந்த 3,000 ரூபாயில் ஐந்து ரூபாய் நாணயங்கள் ஒரு பை நிறைய இல்லாவிட்டால் ஆறு மணிக்குள் கடை திண்டாடும். ‘அஞ்சு ரூபாய் அப்புறம் வாங்கிக்கோங்க’ என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது, அறுபது ரூபாய் கணக்கில்லாமல் கல்லாவில் தங்கிவிடும். 175, 225 போன்ற விலைகளுக்கு ஐம்பது பைசா வேறு வரும். கையால் பில் எழுதுபவர் அதை விட்டுவிடுவார், இயந்திரம் ரூபாயாக்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து ரூபாய் வித்தியாசத்துக்காக எந்த அனுபவசாலியும் இரவில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்.

பணத்தை எண்ணுகிறவருக்கு 25,250 என்ற எண்ணை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது நல்லது. எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்துவிட்டால் கை அந்தத் தொகையை நோக்கித்தான் எண்ணும், அது வந்ததும் நிறுத்திக்கொள்ளும். இங்கே தெரியாமல் எண்ணியவர் எழுதிக் கொடுத்தது 25,970. 720 ரூபாய் கூடுதல்.

கூடுதல் வந்தால் சந்தோஷப்படுபவர்கள் உண்டு. குறைவைவிடக் கூடுதல்தான் என்னை அதிகம் சந்தேகப்பட வைக்கும். குறைந்தால் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம், வேறொன்றும் நேர்ந்திருக்கலாம். கூடினாலோ, ஒரு வாடிக்கையாளரிடம் தவறாக வாங்கியிருக்கிறோம், அல்லது ஏதோ ஒரு விற்பனை பில்லுக்கே வரவில்லை என்று அர்த்தம்.

கணக்கு எழுதுபவர்களிடம் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று பார்ப்பார்கள். 540 என்பதை 450 என்று எழுதினால் வரும் வித்தியாசம் 90, அது ஒன்பதின் மடங்கு. இந்த உத்தி மளிகைக் கடையில் உதவும், புத்தகக் காட்சியில் காலை வாரிவிடும். அட்டை விலை பத்தின் மடங்காக இருந்து பத்து விழுக்காடு கழித்தால் கிடைக்கும் விலை எப்போதுமே ஒன்பதின் மடங்குதான். 100 என்பது 90, 130 என்பது 117, 300 என்பது 270. எனவே ஒரு பில் விடுபட்டாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும், இலக்கம் மாறினாலும் வகுபடும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர் உத்தியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். வித்தியாசம் ஒன்பதால் வகுபடாவிட்டால் பெரும்பாலும் அது சில்லறைச் சமாச்சாரம். வகுபட்டால், அந்த விலைக்கு எந்தப் புத்தகம் இருக்கிறது என்று முதலில் தேடுகிறார்.

720 ஒன்பதால் வகுபடுகிறது. 800 ரூபாய்ப் புத்தகம் தள்ளுபடி போக 720. கடையில் 800 ரூபாய்க்குக் கெட்டி அட்டைத் தொகுப்பு ஒன்றும் இருக்கிறது. பில் போடாமல் அதை விற்றுவிட்டோம் என்று இங்கேயே முடிவுகட்டிவிடத் தோன்றும். தலைப்புவாரிப் பட்டியலைப் பார்த்தால் அந்தத் தொகுப்பின் எண்ணிக்கை துல்லியமாக இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த ஊகம் அங்கேயே விழுந்தது.

அடுத்து வங்கிப் பக்கம். கார்டு இயந்திரத்தின் நாள் முடிவுச் சீட்டு 9,450 என்று சொல்கிறது, சரி. யு.பி.ஐ. வரவுப் பட்டியலைக் கைபேசியில் திறந்து கூட்டினால் 31,420தான் வருகிறது. பில் சொல்வது 31,870. 450 குறைவு. இங்கே ஒலிப்பெட்டியை நம்பக் கூடாது, வாடிக்கையாளர் காட்டிய பச்சை நிறத் திரையையும் நம்பக் கூடாது, வரவுப் பட்டியல் மட்டுமே சாட்சி. ஞாயிறு மாலை மைதானத்தில் கூட்டம் நெருங்கினால் அலைவரிசை திணறும். பணம் போனதாகக் காட்டிப் பாதியில் நிற்பது உண்டு, பல மணி நேரம் கழித்து வந்து சேர்வதும் உண்டு. கடையில் இரண்டு க்யூ.ஆர். அட்டைகள் இருந்து ஒன்று உரிமையாளரின் சொந்தக் கணக்குக்குப் போவதாக இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் 450 குறைவு, இன்னொரு பக்கம் 720 கூடுதல். 450 ரூபாய்க்கு யு.பி.ஐ. என்று குறித்த பில்களைத் தேடினால் இரண்டு இருக்கின்றன, ஒன்றுக்குத்தான் வரவு இருக்கிறது. மற்றொன்றை எழுதிய பையன் பில்லைப் பார்த்ததும் சொல்லிவிட்டான்.

“அண்ணே, அது கேஷாத்தான் குடுத்தாங்க. ஸ்கேன் பண்ணிட்டு நின்னாங்க, சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஐந்நூறு ரூபா நோட்டா நீட்டினாங்க.”

“பில்லுல மாத்தி எழுதியிருக்கலாமே தம்பி.”

“பின்னாடி ஏழெட்டுப் பேரு நின்னாங்கண்ணே.”

பையனைத் திட்டிப் பயனில்லை. பில்லின் இரு நகல்களில் ஒன்று கடையில்தானே இருக்கிறது, அதில் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது யு.பி.ஐ. 31,420 என்று ஒத்துப்போகிறது. ரொக்கத்தில் கூடுதலாக நிற்பது 270 மட்டும்.

270 என்பது 300 ரூபாய்ப் புத்தகம். இந்த முறை அடுக்கும் ஒத்துழைக்கிறது. 300 ரூபாய்க் கட்டுரைத் தொகுப்பு ஒன்று காலையில் 14, பில்லில் 5, இருக்க வேண்டியது 9, இருப்பது 8. பணம் ஒரு புத்தக அளவு கூடி அதே விலைப் புத்தகம் ஒன்று குறைந்திருக்கிறது. கூட்டத்தில் யாரோ சரியான தொகையைக் கையில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்திருக்கிறார், பில் போடவில்லை. கடைசி பில் எண்ணுக்கு அடுத்த எண்ணில் ‘விடுபட்டது’ என்று குறிப்பெழுதி ஒரு பில் போடுகிறார்கள். விற்பனை 64,530 ஆகிறது, பிரதிகள் 287. கல்லா காசுக்குக் காசு சரி.

புத்தகத்தில் இன்னும் இரண்டு குறைகிறது. பணத்தில் எந்தத் தடயமும் இல்லை என்பதால், பணம் மாறாமல் புத்தகம் மட்டும் நகரும் வழிகளைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வழிகளில் முதலாவது கைமாற்று. பக்கத்துக் கடைக்காரர் தன் நோட்டைக் கொண்டுவந்தார், நம்மிடம் 4 வாங்கியதாக எழுதியிருக்கிறார். நம் சீட்டில் 3தான் இருக்கிறது. ஏழு மணிக்கு அவருடைய ஆள் வந்து ஒன்றை எடுத்துப்போனபோது இங்கே சீட்டு எழுதவில்லை. நேர்மையான அண்டை வீட்டுக்காரர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். கடைசி நாள்வரை இந்தக் கைமாற்றை ஒத்துப் பார்க்காமல் விட்டுவிட்டு மனவருத்தத்தில் முடித்துக்கொண்ட கடைகள் உண்டு.

கடைசியாக நிற்பது ஒரு 60 ரூபாய்ச் சிறு நூல். எழுத்தாளர் கணக்கில் இல்லை, மதிப்புரைப் பிரதியாகப் போகவில்லை, பண்டல் பிரிக்கும்போது சலானுக்குக் குறைவாக வந்ததா என்று பார்த்தால் அதுவும் இல்லை. பையில் போடும்போது இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம், யாரோ எடுத்தும் போயிருக்கலாம். இதற்குமேல் தேடுவதில் அர்த்தமில்லை. ‘குறைவு 1’ என்று தலைப்போடு எழுதி நாளை காலை ஆரம்ப இருப்பை 977 என்றே தொடங்குவார்கள். இந்த இடத்தில்தான் கைச்சாமர்த்தியம் காட்டச் சபலம் வரும். டீச்செலவில் ஒரு 54 ரூபாயைக் கூட்டி எழுதிவிட்டு, அதைக் கொண்டு அந்த நூலை விற்றதாகக் காட்டினால் எல்லாம் ஒத்துப்போகும். அப்படிச் செய்தால் அதே நூல் நாளையும் மறுநாளும் ஒவ்வொன்றாகக் குறைவது யார் கண்ணிலும் படாது. குறைவு என்று நேர்மையாக எழுதிய கடையில் மூன்றாம் நாள் ஒருவர் அதைக் கவனித்து, வாசலோரம் இருந்த அந்த அடுக்கை பில் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார்.

மொத்த எண்ணிக்கை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகும் பிழை ஒன்றும் இந்தக் கடையில் இருந்தது. இரண்டு பாக நாவல் ஒன்றில் முதல் பாகம் கணக்குக்கு ஒன்று கூடுதல், இரண்டாம் பாகம் ஒன்று குறைவு. இரண்டுக்கும் ஒரே விலை. மொத்தத்தில் வித்தியாசம் பூஜ்யம், பணத்தில் பூஜ்யம். பில் எழுதியவர் பாகத்தை மாற்றிக் குறித்திருக்கிறார். அன்றைய கணக்கில் இதனால் நஷ்டமில்லை என்றாலும் கிடங்குக்கு அனுப்பும் தேவைப்பட்டியல் தப்பாகும். முதல் பாகத்தை வரவழைத்துவிட்டு, இரண்டாம் பாகம் கேட்டு வருபவரிடம் கையை விரிக்க வேண்டியதுதான்.

இதன் மறுபக்கமாக, புத்தகம் துல்லியமாக இருந்து பணம் மட்டும் தள்ளாடினால் மறுபதிப்பைப் பார்ப்பது நல்லது. பழைய அச்சில் 250, புதிய அச்சில் 300, பட்டைக்கோடு இரண்டிலும் ஒன்றே. இயந்திரம் தனக்குத் தெரிந்த ஒரே விலையைப் போடும், வாசகர் தன் கையிலிருக்கும் பிரதியின் அட்டை விலையைக் காட்டி அதற்குத்தான் பணம் தருவார். வித்தியாசம் ஒவ்வொரு முறையும் 45. ஒரே நாளில் 45, 90, 135 என்று குறைவு தெரிந்தால் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும். பழைய பிரதிகளில் விலைச் சீட்டு ஒட்டி இயந்திரத்தில் தனித் தலைப்பாக ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

வேறு பதிப்பகங்களின் புத்தகங்கள்தான் இவ்வளவு சிரமத்தையும் கட்டாயமாக்குகின்றன. பல பதிப்பகங்கள் விற்றதற்கு மட்டும் பணம், விற்காததைத் திருப்பிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் புத்தகம் தருவார்கள். காட்சி முடிந்த மறுநாள் பதிப்பாளருடைய ஆள் சலானைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வரும் பிரதிகளை எண்ணுவார். 200 கொடுத்திருந்து 131 திரும்பினால் 69க்குப் பில் எழுதுவார். அவற்றில் 66தான் விற்றன, 3 காணாமல் போயின என்று சொன்னால் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டு 69க்கே எழுதுவார், அது நியாயமும்கூட. நம் கணக்கில் தவறிய அந்த 60 ரூபாய் நூல் இன்னொரு பதிப்பகத்துடையதாக இருந்தால், கழிவு போக அதன் கொள்முதல் விலையைக் கடைக்காரர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். டேமேஜ் பெட்டியில் இருக்கும் நாவலை மட்டும் பதிப்பாளர் ஏற்றுக்கொள்வார். பக்கம் விட்டுப்போனது அச்சகத்தின் பிழை, கடைக்காரருடையதல்ல.

மணி ஒன்பதரை நெருங்கும்போது வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். 25,970இல் மறுநாள் சில்லறைக்கு 3,000த்தைச் சிறு நோட்டுகளும் நாணயங்களுமாகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதி 22,970க்கு எண்ணியவரும் வாங்கிக்கொண்டவரும் கையெழுத்துப் போடுவார்கள். கிடங்குக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் இரண்டாம் பாகம் பத்து, கட்டுரைத் தொகுப்பு இருபது என்று எழுதிக் கைபேசியில் படமெடுத்து அனுப்பிவிட்டு விளக்கை அணைப்பார்கள்.